மினாக்சிடில் திரவம் அரிக்கிறதா? நுரைக்கு மாறும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

முடி வளர மினாக்சிடில் திரவத்தைப் போட்டுத் தலை அரிக்கத் தொடங்கினால் ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் மருந்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் மறுநாளே அதே மருந்தின் நுரை டப்பா வாங்கி, சிவந்து கிடக்கும் அதே தோலில் போடுவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்தகக் கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்த இரண்டாவது கூட்டம்தான் கவலை. ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "நுரையும் எனக்கு ஒத்துக்கலக்கா" என்பார்கள். உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் புண்ணாகிவிட்ட தோலில் எதைப் போட்டாலும் எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை வைத்து நுரையைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

ஆகவே மாறுவதில் வரிசை முக்கியம். முதலில் தோல் ஆற வேண்டும், அடுத்து கையில் சோதனை, அதற்கப்புறம்தான் தலை. ஏன் இந்த வரிசை என்று புரிய, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டிலில் பாதி மருந்தே இல்லை

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததால் தலைக்குப் போடும் திரவமாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 2 சதவீதத் திரவத்துக்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. பிறகு 5 சதவீதத் திரவம் வந்தது, 2006-ல் ஆண்களுக்கான 5 சதவீத நுரை வந்தது.

இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் அதைக் கரைத்து வைக்க வேறொன்று தேவைப்படுகிறது. அதுதான் புரோப்பிலீன் கிளைக்கால். வழக்கமான 5 சதவீதத் திரவத்தில் ஏறத்தாழ பாதி புரோப்பிலீன் கிளைக்கால், 30 சதவீதம் ஆல்கஹால், மீதி தண்ணீர். தலையில் போட்டதும் ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியாகிவிடும், கிளைக்கால் மட்டும் தங்கிவிடும். போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதே, அது இதனால்தான். அந்தப் பிசுபிசுப்புக்கு ஒரு பயனும் உண்டு: மருந்து படிகமாகிவிடாமல் கரைந்த நிலையில் வைத்து, தோலுக்குள் இறங்க உதவுகிறது. ஆனால் அதே பொருள் சிலருடைய தோலை உறுத்தும், இன்னும் சிலருக்கு ஒவ்வாமையையே உண்டாக்கும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2018-ன் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று இதைத்தான் அறிவித்தது.

நுரையில் புரோப்பிலீன் கிளைக்கால் கிடையாது. அதற்குப் பதில் ஆல்கஹால், தண்ணீர், கிளிசரின், மெழுகுபோன்ற செட்டைல், ஸ்டீரைல் ஆல்கஹால்கள், கூடவே நுரையை வெளியே தள்ளும் எரிவாயு. சீக்கிரம் காயும், ஒட்டாது. சாதாரண ஆல்கஹால் இதிலும் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வெடித்த தோலில் பட்டால் சுரீர் என்று எரிவதற்கு அதுவே போதும்.

இங்கே பலர் கேட்கும் ஒரு கேள்வி: "5 சதவீதம் அரிக்குதுன்னா 2 சதவீதத்துக்கு இறங்கினா சரியாப் போயிடாதா?" வழக்கமான 2 சதவீதத் திரவத்தில் கிளைக்கால் 20 சதவீதம்தான், ஆனால் ஆல்கஹால் 60 சதவீதம். வெறும் உறுத்தல் என்றால் கொஞ்சம் குறையலாம், வறட்சி கூடவும் செய்யலாம். ஒவ்வாமை என்றால் 20 சதவீதம் தாராளமாகப் போதும், மறுபடி கிளம்பிவிடும். ஆகவே அது தீர்வாகாது.

உறுத்தலா, ஒவ்வாமையா?

இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்: "அரிக்குது". ஆனால் நடப்பது வேறு வேறு.

உறுத்தல் என்றால், போட்ட சில நிமிடங்களில் எரியும் அல்லது குத்தும். பிறகு தோல் காய்ந்து, மெல்லிய வெள்ளைச் செதில் உதிரும். மருந்து பட்ட இடத்தைத் தாண்டாது. அளவு கூடினால் கூடும், குறைத்தால் குறையும், சில நாள் விட்டால் அடங்கிவிடும். பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வாமை தாமதமாக வருவது. மாதக் கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, உடம்பு அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டபிறகு திடீரென்று தொடங்கும். போட்டவுடன் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். எரிச்சலைவிட அரிப்பு அதிகம், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு. சிவப்பும் தடிப்பும் மருந்து போட்ட இடத்தோடு நிற்காமல் நெற்றி, காதோரம், பிடரி என்று இறங்கும். சிலருக்குக் கண் இமை வீங்கும், சிலருக்குச் சின்னக் கொப்புளம் வந்து நீர் கசியும். அளவைக் குறைத்தாலும் போகாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் முன்னைவிட வேகமாக, மோசமாகத் திரும்பும்.

ஒவ்வாமை என்றால் எதற்கு ஒவ்வாமை என்பது அடுத்த கேள்வி. மினாக்சிடில் திரவத்தால் தோல் அழற்சி வந்த 11 பேரைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அதில் 9 பேருக்குப் புரோப்பிலீன் கிளைக்காலும், 4 பேருக்கு மினாக்சிடிலும் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டினால் 13 வருகிறது, அதாவது சிலருக்கு இரண்டுமே ஆகவில்லை. சந்தேகம் முதலில் கிளைக்கால்மீது விழுவது நியாயம்தான், ஆனால் மருந்தை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. கைச் சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

ஒருவருக்கு நடந்தது

பக்கத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் ஒரு தம்பியின் கதையை வைத்துப் பேசினால் எல்லாம் தெளிவாகும். வயது முப்பதைத் தாண்டியவர், உச்சியில் முடி மெலிந்தவர். 5 சதவீதத் திரவத்தை நாலைந்து மாதம் ஒழுங்காகப் போட்டார். பலனும் தெரிந்தது. அப்புறம் தலையில் செதில் கிளம்பியது. பொடுகு என்று நினைத்துப் பொடுகு ஷாம்பு வாங்கினார். குறையவில்லை. மருந்து சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று அவரே முடிவு செய்து, 1 மில்லி போட வேண்டிய இடத்தில் 2 மில்லி போட ஆரம்பித்தார். எங்களிடம் வந்தபோது நெற்றி மேட்டில் ஒரு சிவப்புப் பட்டை, இரண்டு காதுக்குப் பின்னாலும் தடிப்பு.

அந்தப் பட்டைதான் எனக்கு முதல் துப்பு. பொடுகுத் தோல் அழற்சியும் காதுக்குப் பின்னால் வரும், ஆனால் அது மூக்கோரத்திலும் புருவத்திலும் பிசுபிசுப்பான மஞ்சள் செதிலோடு வரப் பார்க்கும். இவருக்கு மூக்கோரம் சுத்தமாக இருந்தது. சிவப்பு இருந்த இடமெல்லாம் மருந்து வழிந்து போகக்கூடிய வழி. காலையில் திரவத்தைப் போட்டு, அது காயும் முன்பே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோட்டாரில் ஆலைக்குப் போகிறார். அங்கே பாதுகாப்புத் தொப்பி. கொதிகலன் பக்கம் வேலை, வேர்வை கொட்டும். வேர்வையோடு கிளைக்காலும் இறங்கி, தொப்பியின் பட்டைக்கடியில் அடைபட்டுக் கிடக்கிறது. மூடிய தோலில் எந்தப் பொருளும் அதிகமாக ஊறும்.

அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். தலைக்கு டை அடிக்கிறீர்களா என்பது ஒன்று. கறுப்புச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பொருளுக்கு ஒவ்வாமை வந்தாலும் இதே மாதிரி நெற்றியும் காதும் தடிக்கும். டை அடித்த ஒன்றிரண்டு நாளில் கிளம்பினால் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, தலைக்குப் புதிதாக எண்ணெய் ஏதாவது மாற்றினீர்களா. மூலிகை எண்ணெய் என்று விற்பதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் இல்லை என்றார். சரி, மருந்துப் பக்கமே வந்தோம்.

முதல் படி: நிறுத்துங்கள், தோலை ஆற விடுங்கள்

திரவத்தை முழுக்க நிறுத்த வேண்டும். பாதி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற பேரமெல்லாம் லேசான உறுத்தலுக்கு மட்டும்தான். சிவப்பு நெற்றிக்கு இறங்கிவிட்டால் அது செல்லாது.

நிறுத்தினால் வளர்ந்த முடி கொட்டிவிடும் என்ற பயம்தான் எல்லாரையும் தடுக்கிறது. அந்தப் பயத்தில் பாதி உண்மை. மினாக்சிடிலால் கிடைத்த முடி, மருந்தை நிறுத்திய மூன்று நாலு மாதங்களில் போய்விடும். ஆனால் ஒன்றிரண்டு வார இடைவெளியில் அது நடக்காது. அழற்சியோடு கிடக்கும் தலைதான் முடிக்குக் கேடு. அதில் மருந்து போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: தோலின் தடுப்பு உடைந்திருப்பதால் மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேரும். மறந்துவிடாதீர்கள், இது இரத்தக் குழாயை விரிக்கும் மருந்து. படபடப்பு, தலைச்சுற்றல், நெஞ்சு வலி, கை கால் முகம் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அரிப்பு விஷயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

இந்த ஓய்வு நாட்களில் வாசனை இல்லாத மென்மையான ஷாம்பு, பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். நகத்தால் சொறிய வேண்டாம். டை, ஜெல், மூலிகை எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலர் இதில் விழுகிறார்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு லோஷன் அல்லது கிரீம் வாங்குவார்கள், ஆனால் பல ஸ்டீராய்டு லோஷன்களிலும் கிரீம்களிலும் அதே புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறது. முதல் நாள் அடங்கியது போல இருந்து, பிறகு ஆறவே ஆறாது. வாங்கும்போது, "புரோப்பிலீன் கிளைக்கால் இல்லாததாகக் கொடுங்கள்" என்று மருந்தாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களே பார்ப்பதானால், உட்பொருள் பட்டியலில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாம்பு, ஜெல், ஈரப்பதக் கிரீம் இவற்றிலும் அது இருக்கலாம். பாசார் மாலாமில் பெயர் இல்லாத டப்பாவில் விற்கும் "அரிப்பு கிரீம்" பக்கமே போக வேண்டாம்.

கண் இமை வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது. கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களே ஈப்போ பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

எத்தனை நாள் ஓய்வு? சிவப்பும் செதிலும் முழுக்கப் போய், அதற்குப் பிறகும் சில நாள். லேசான உறுத்தலுக்கு ஒரு வாரம் போதும். அந்தத் தம்பிக்கு நெற்றி தெளியவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தோலைப் பாருங்கள்.

இரண்டாம் படி: கையில் சோதனை

நுரையை முதலில் தலையில் போடாதீர்கள். முன்கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, பெரிய நாணயம் அளவுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பேனாவால் ஓரத்தில் புள்ளி வைத்துக்கொள்ளலாம். அங்கே பட்டாணி அளவு நுரையைத் தடவிக் காய விடுங்கள். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, ஏழு நாள். மேலே பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டினால் சோதனையே வீண், தாமதமாக வரும் ஒவ்வாமையைத்தான் நாம் தேடுகிறோம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் இதைச் செய்யாதீர்கள், அது பதிலை மறைத்துவிடும்.

தடவிய கணத்தில் வரும் குளிர்ச்சியோ, நொடியில் போய்விடும் லேசான குறுகுறுப்போ கணக்கில்லை. சிவந்து நிற்பது, தடவினால் கையில் தட்டுப்படும் சொரசொரப்பு, சின்னப் பருக்கள், நாளுக்கு நாள் கூடும் அரிப்பு இவைதான் கணக்கு. வந்தால் அங்கேயே நிறுத்திக் கழுவிவிடுங்கள்.

தலையில் வந்தது லேசாக இருந்தவர்கள் மட்டும், இன்னொரு கையில் பழைய திரவத்தை ஒரே ஒரு சொட்டு வீதம் அதே முறையில் போட்டுப் பார்க்கலாம். கொப்புளமோ இமை வீக்கமோ வந்தவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், அவர்களுக்கான இடம் டாக்டரின் அறை.

இரண்டு கையையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் கிடைக்கும். இரண்டு மருந்திலும் மினாக்சிடில் இருக்கிறது, திரவத்தில் மட்டும் கிளைக்கால் இருக்கிறது. திரவம் போட்ட கை சிவந்து, நுரை போட்ட கை அமைதியாக இருந்தால், மினாக்சிடில் குற்றவாளியாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிளைக்கால்மீது சந்தேகம் பலமாகிறது. இரண்டுமே சிவந்தால் மினாக்சிடில்மீதே சந்தேகம், நுரைக்கு மாறிப் பயனில்லை. இரண்டுமே அமைதி என்றால் முழுப் பதில் கிடைக்கவில்லை. கைத்தோல் வேறு, வேர்வையில் ஊறிக் கிடக்கும் தலைத்தோல் வேறு. அப்போது வெறும் உறுத்தலாக இருந்திருக்கலாம், அல்லது பொடுகுதான் உண்மையான காரணமாக இருந்திருக்கலாம்.

அந்தத் தம்பி இடது கையில் திரவத்தையும் வலது கையில் நுரையையும் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாளே இடது கையில் மணல் ஒட்டியது போலப் பருக்கள், அரிப்பு. அங்கே நிறுத்தச் சொன்னேன். வலது கை ஏழு நாளும் சும்மா இருந்தது.

இது வீட்டுச் சோதனைதான், நோய் கண்டறிதல் இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோல் டாக்டர் செய்யும் ஒட்டுச் சோதனை வேண்டும். பொருட்களைத் தனித்தனியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, அதன் பிறகும் ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. தோட்டத்தில் வெளிவேலை செய்பவர்கள் விடுப்பைப் பார்த்துத் தேதி வாங்குவது நல்லது. புரோப்பிலீன் கிளைக்கால் வெறும் உறுத்தலாலும் தோலைச் சிவக்க வைக்கும் என்பதால், அந்தச் சிவப்பைப் படிப்பது அனுபவமுள்ள டாக்டருக்கே சவால்தான்.

மூன்றாம் படி: நுரையைத் தலைக்குக் கொண்டுபோவது

வாங்கும்போது எம்.ஏ.எல். என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் டப்பாவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "கிளைக்கால் இல்லாத" திரவங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பியூட்டிலீன் கிளைக்கால் இருக்கும். பெயர் ஒத்திருந்தாலும் பொருள் வேறு, பலருக்கு ஒத்தும் போகலாம். ஆனால் பதிவில்லாத பாட்டிலில் மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

ஆண்களுக்கு வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 1 கிராம், அதாவது மூடியில் பாதி, நாளுக்கு இரண்டு தடவை. 60 கிராம் டப்பா ஒரு மாதம் வரும். திரவம் 60 மில்லி பாட்டில் வந்த அதே கணக்கு. ஆனால் மாறும்போது முதல் இரண்டு வாரம் இரவில் ஒரு தடவை மட்டும் போடுங்கள். தலை அமைதியாக இருந்தால் காலையையும் சேர்த்துக்கொள்ளலாம். திரவம் இன்னும் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று காலையில் அது, இரவில் இது என்று கலக்காதீர்கள். அரிப்பு திரும்பினால் எதனால் என்று சொல்ல முடியாமல் போகும்.

நுரையைப் போடும் முறையில்தான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. இந்த நுரை உடம்புச் சூட்டிலேயே உருகும்படி செய்யப்பட்டது. விறைப்பான குளிர்நாட்டுக் குளியலறையில் அது விரலில் நிற்கும். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டால், தலைக்குப் போவதற்குள் விரலிடுக்கில் தண்ணீராக ஓடிவிடும். பாதி மருந்து கைக்கும் தரைக்கும் போகிறது, பிறகு "நுரை வேலை செய்யலை" என்ற குறை. இதற்கு வழி எளிது. விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முடியை முன்பே வகிடு வகிடாகப் பிரித்து வையுங்கள். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, மொத்த அளவையும் ஒரே தடவையில் எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனியில் எடுத்துத் தோலில் வையுங்கள். முடியில் தங்கும் மருந்தால் பயனில்லை, தோலைத் தொட வேண்டும். உள்ளங்கையில் அடிக்காதீர்கள், அங்கேதான் சூடு அதிகம். இன்னொரு வழி, மூடியிலோ சின்னக் கிண்ணத்திலோ எடுத்து அதிலிருந்து தொட்டு வைப்பது.

தலை காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையில் போட்டால் மருந்து எண்ணெயோடு நின்றுவிடும். தலை குளித்துத் துவட்டி, காய்ந்த பிறகு மருந்து. போட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாலு மணி நேரம் தலையை நனைக்காமல் இருங்கள். காலையில் போடுகிறவர்கள் நுரை முழுக்கக் காய்ந்தபிறகே ஹெல்மெட் மாட்டுங்கள். அந்தத் தம்பிக்கு இதற்கு நேரமில்லை, ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர். அதனால் காலை அளவை வேலை முடிந்து வந்து குளித்தபிறகு மாலையிலும், மற்றதைப் படுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவுதான். ஆனால் வேர்வையில் ஓடிப்போகும் காலை மருந்தைவிட இது மேல் என்பது என் கணிப்பு. வசதிப்படும் நாட்களில், விடுமுறையில், காலைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

டப்பா எரிவாயுவால் இயங்குவது. மோட்டார் சீட்டுக்கடியில், வெயிலில் நிறுத்திய காரில், சாமி விளக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. போட்டு ஈரம் காய்வதற்குள் சிகரெட் பற்றவைப்பதும் ஆபத்து.

பிறகு என்ன பார்க்க வேண்டும்

முதல் சில வாரங்களில் முடி கொஞ்சம் கூடுதலாகக் கொட்டலாம். இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும்போது இது நடப்பதுண்டு. பழைய முடி கழன்று புது முடிக்கு வழிவிடும் கட்டம் இது. அரிப்பும் சிவப்பும் இல்லாமல் முடி மட்டும் கொட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். நுரை பலன் தருகிறதா என்பதை நாலு மாதத்துக்கு முன் தீர்மானிக்க முடியாது. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம்.

நுரையிலும் வறட்சியும் லேசான செதிலும் வந்தால், ஆல்கஹாலின் வேலையாக இருக்கலாம். ஒரு வேளைக்குக் குறைத்துப் பார்க்கலாம். எண்ணெய்ப் பசையான செதில் என்றால் உண்மையிலேயே பொடுகு இருக்கலாம், நம் ஊர் ஈரக் காற்றில் அது சாதாரணம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு தடவை தலையில் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறியபின் அலசி, சில வாரம் பயன்படுத்தினால் தெரிந்துவிடும். ஆனால் பழைய மாதிரி நெற்றி தடித்து, காதுக்குப் பின்னால் அரித்தால், நுரையையும் நிறுத்துங்கள். கையில் அமைதியாக இருந்தது தலையில் வரக்கூடும். அப்போது மினாக்சிடிலுக்கோ நுரையின் மெழுகு ஆல்கஹால்களுக்கோ ஒவ்வாமை இருக்கலாம், அதை ஒட்டுச் சோதனை இல்லாமல் பிரிக்க முடியாது.

மினாக்சிடில்தான் குற்றவாளி என்று உறுதியானால், "அப்ப மாத்திரையா சாப்பிட்டுக்கறேன்" என்று சிலர் குறுக்கு வழி யோசிப்பார்கள். குறைந்த அளவு மாத்திரையைத் தோல் டாக்டர்கள் சிலருக்குக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அது இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துத் தரும் மருந்து. மேலே போடும் மருந்துக்கு ஒவ்வாமை என்று நிரூபணமானவருக்கு அதே பொருளை உள்ளே கொடுக்கலாமா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நண்பரிடம் வாங்கிச் சாப்பிடும் விஷயமில்லை.

பெண்களுக்கு 5 சதவீத நுரை நாளுக்கு ஒரு தடவைதான். திரவம் நெற்றியில் வழிந்து முகத்தில் பூனைமுடி வந்தவர்களுக்கு நுரை வசதி, வழியாது. ஆனாலும் படுக்கும் முன் காய வேண்டும், இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்துக்குப் போகும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் போடக் கூடாது.

தைப்பூசத்துக்கு மொட்டை அடிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது, மறுநாள் போடலாமா என்று. சவரக் கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். எரியும், மருந்தும் அதிகமாக உள்ளே போகும். சில நாள் விட்டு, தோல் ஆறியதும் தொடங்குங்கள். வேர் தோலுக்குள் இருப்பதால் மொட்டை அடித்ததால் மருந்தின் பலன் போகாது.

வீட்டில் பூனை இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். பூனைக்கு மினாக்சிடில் கொடிய விஷம், தலையணையையோ உங்கள் தலையையோ நக்கிய கொஞ்ச மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்து போட்ட தலையணை உறையைத் தனியாக வையுங்கள். மிச்சமிருக்கும் பழைய திரவத்தையும் குப்பைக் கூடையில் திறந்து போடாமல், மூடிக் கட்டி மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.